குக்கின்னு சொன்னது போதும், டோக்கன்னு சொல்லுங்க

போன செமஸ்டர்ல நடந்த ஒரு விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். கேட்டா சிரிப்பீங்க. ஆனா அது உங்களுக்கும் நடந்திருக்கலாம், நடந்தது தெரியாமலே கூட இருக்கலாம்.

இன்டர்ன்ஷிப்புக்கு அப்ளை பண்றதுக்காக பஸ் ஸ்டாப் பக்கத்துல இருக்கிற ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்க இருந்த கம்ப்யூட்டர்ல ஒரு வேலைவாய்ப்புத் தளத்தைத் திறந்து, லாக் இன் பண்ணி, ரெஸ்யூமை ஏத்தி, ரெண்டு பக்கம் பிரின்ட் எடுத்துட்டு, டேபை மூடிட்டு வந்துட்டேன். பஸ் வந்துடுச்சு, அந்த அவசரம்.

சாயங்காலம் கடைக்கார அண்ணன் போன் பண்ணார். "தம்பி, உன் பக்கம் திறந்தே இருக்குப்பா. வேற ஒரு பையன் அதே சைட்டுக்குப் போனான். மேல உன் பேர் வருது. அவன் தெரியாம உன் பேருலயே அப்ளை பண்ணப் பாத்துட்டான்."

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஆனா நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஃபைனல் இயர் ஆச்சே! "ஒண்ணும் பிரச்சினை இல்லண்ணா, இருங்க"ன்னு கெத்தா சொல்லி, போன்லயே பாஸ்வேர்டை மாத்தினேன். "இப்போ பாருங்கண்ணா, வெளிய வந்திருக்கும்."

"இல்லியே தம்பி, இன்னும் உன் பேர்தான் இருக்கு."

அப்புறம் அவரையே லாக் அவுட் குடுக்கச் சொன்னேன். பக்கம் மூடிக்கிச்சு. மறுநாள் நேர்ல போய் நன்றி சொன்னப்போ, "ஏன் தம்பி, பாஸ்வேர்டை மாத்தின பிறகும் அது உள்ளயே இருந்துச்சு?"ன்னு கேட்டார். "அது வந்துண்ணா, குக்கின்னு ஒண்ணு இருக்கு..."ன்னு ஆரம்பிச்சேன். "குக்கின்னா பிஸ்கட்டா?"ன்னார். நான் பத்து நிமிஷம் பேசினேன். பொறுமையாக் கேட்டுட்டு அவர் ஒரே வரியில முடிச்சார்: "அட, சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் மாதிரியா?"

ஆமா. அதேதான். நாலு வருஷம் படிச்ச எனக்கு வாயில வராத சொல், அவருக்கு வந்துடுச்சு. இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான்.

வால் போன எலி

கம்ப்யூட்டர் உலகத்துல பாதிச் சொற்கள் வீட்டுல, ஆபீஸ்ல, தெருவுல இருந்து கடன் வாங்கினவை. ஆனா எல்லாக் கடனும் ஒரே மாதிரி இல்ல.

மவுஸை எடுத்துக்கோங்க. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் யோசனை சொல்ல, பில் இங்கிலிஷ் என்கிற பொறியாளர் 1964-ல் முதல் மவுஸைச் செய்தார். மரப்பெட்டி, மேல ஒரே ஒரு பட்டன், அடியில ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா ரெண்டு சக்கரம். ஒண்ணு இடவல நகர்வை அளக்கும், இன்னொண்ணு முன்பின் நகர்வை அளக்கும். ஒயர் பின்பக்கமா வந்ததால வால் மாதிரி இருந்தது. அதனால எலி. 1970-ல் கிடைத்த காப்புரிமையில இந்தப் பேரே கிடையாது, 'திரைக்கான எக்ஸ்-ஒய் இடங்காட்டி' என்கிற மாதிரி ஒரு நீளமான பேர்தான். லேபில் கூப்பிட்ட செல்லப்பேர் நின்னுடுச்சு, காப்புரிமைப் பேர் காணாமப் போயிடுச்சு.

இன்னைக்கு வாலும் இல்ல, சக்கரமும் இல்ல. பேர் மட்டும் இருக்கு. இதனால யாருக்கும் நஷ்டம் இல்ல. ஏன்னா பொருள் கையில இருக்கு. எலின்னு சொன்னாலும் பூனைன்னு சொன்னாலும் நகர்த்திப் பாத்தா என்னன்னு தெரிஞ்சிடும். தமிழ்ல 'சுட்டி'ன்னு வெச்சாங்க, அதுவும் அழகா வேலை செய்யுது.

பூச்சி மேல பழி

'பக்' கதை கொஞ்சம் வேற. நம்ம எல்லாருக்கும் முதல் வருஷத்துலயே ஒரு ஸ்லைடு காட்டியிருப்பாங்க. ஹார்வர்டின் மார்க் 2 கணினி, ரிலேக்குள்ள ஒரு விட்டில்பூச்சி, அதுல இருந்துதான் 'பக்' என்கிற பேரே வந்ததுன்னு. கிரேஸ் ஹாப்பர்தான் கண்டுபிடிச்சாங்கன்னும் சேத்துச் சொல்வாங்க.

பூச்சி உண்மை. 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி, எஃப் பேனல், 70-ஆம் எண் ரிலே. ரிலேன்னா மின்காந்தம் இழுத்து மூடுற ஒரு சுவிட்சு. ரெண்டு உலோக முனைக்கு நடுவுல பூச்சி மாட்டினா முனைகள் தொடாது, மின்சாரம் போகாது, கணக்கு தப்பாகும். எடுத்த பூச்சியைக் குறிப்பேட்டுல டேப் போட்டு ஒட்டி, 'பக்' நிஜமாவே கண்டுபிடிக்கப்பட்ட முதல் சம்பவம் இதுதான்னு பக்கத்துல எழுதி வெச்சாங்க. அந்தப் பக்கம் இன்னும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருக்கு.

'நிஜமாவே' என்கிற அந்தச் சொல்லைக் கவனிங்க. அந்தப் பேர் ஏற்கெனவே புழக்கத்துல இருந்தாத்தான் அது ஜோக். இருந்தது. எடிசன் 1878-லேயே ஒரு கடிதத்துல, புதுக் கருவியில வர்ற சின்னச் சின்னக் கோளாறுகளை 'பக்'னு சொல்வாங்கன்னு எழுதியிருக்கார். ஹாப்பர் அந்தப் பூச்சிக் கதையைப் பல மேடையில சொல்லிப் பிரபலமாக்கினாங்க. பேர் வெச்சது அவங்க இல்ல, பூச்சியைப் பிடிச்சதும் அவங்க இல்ல.

இங்க ஒரு சின்ன நஷ்டம் இருக்கு. டைக்ஸ்ட்ரா 1988-ல் எழுதின ஒரு கட்டுரையில, இனி 'பக்'னு சொல்லாம 'பிழை'ன்னு சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டார். பூச்சின்னு சொன்னா, புரோகிராமர் அந்தப் பக்கம் திரும்பினப்போ அது தானா உள்ள புகுந்த மாதிரி இருக்கு, ஆனா தப்பு பண்ணது நீங்கதானேன்னு அவர் வாதம். நேத்து லேபில் 'கோடுல ஒரு பக் வந்துடுச்சு'ன்னு நான் சொன்னேன். வந்துடுச்சாம்! நடந்தே வந்திருக்கும் போல.

இந்த இடத்துல தமிழ் நேர்மையா இருக்கு. கணித்தமிழ் ஆளுங்க இதுக்கு 'வழு'ன்னு பேர் வெச்சிருக்காங்க. பள்ளியில தமிழ் இலக்கணம் படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும்: வழு, வழாநிலை, வழுவமைதி. பிழையா இருந்தாலும் ஏதோ ஒரு காரணத்துக்காக ஏத்துக்கிட்டா அது வழுவமைதி. 'இது பக் இல்ல சார், ஃபீச்சர்'னு ப்ராஜெக்ட் ரிவ்யூல சொல்றோமே, அதுக்கு நம்ம இலக்கணத்துல அப்பவே பேர் இருந்திருக்கு.

பிஸ்கட் எங்க இருந்து வந்தது?

இப்போ குக்கிக்கு வருவோம். என் கோபமெல்லாம் இது மேலதான்.

முதல்ல, அது எதுக்குத் தேவைப்பட்டது? `http` என்கிற முறைக்கு ஞாபகசக்தி கிடையாது. நீங்க ஒரு பக்கம் கேக்கிறீங்க, சர்வர் குடுக்குது, கதை முடிஞ்சது. அடுத்த பக்கம் கேக்கும்போது நீங்க அதுக்குப் புது ஆள். வெறும் கட்டுரை படிக்க இது போதும். ஆனா கடை நடத்த முடியாது. ஒரு சட்டையைக் கூடையில போட்டுட்டு அடுத்த பக்கம் போனா, கூடையே யாருதுன்னு கடைக்குத் தெரியாது.

1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்கு இந்தப் பிரச்சினை வந்தது. எம்சிஐ என்கிற தொலைபேசி நிறுவனத்துக்காக இணையக் கடை ஒண்ணு செய்யணும். பாதியில நிக்கிற வியாபாரத்தையெல்லாம் தங்கள் சர்வர்ல வெச்சுக்க எம்சிஐக்கு விருப்பமில்ல. அங்க வேலை பார்த்த லூ மான்டுல்லி, அப்போ இருபதுகளில் இருந்த ஒரு புரோகிராமர், ஒரு வழி சொன்னார். சர்வர் ஒரு சின்னத் துண்டுச் சீட்டைக் குடுக்கட்டும், பிரவுசர் அதைப் பத்திரமா வெச்சிருந்து ஒவ்வொரு தடவையும் திருப்பிக் காட்டட்டும். அந்தச் சீட்டுக்கு அவர் வெச்ச பேர்தான் குக்கி.

ஏன் அந்தப் பேர்? யூனிக்ஸ் ஆளுங்க நடுவுல 'மேஜிக் குக்கி'ன்னு ஒரு வழக்கு ஏற்கெனவே இருந்தது. ஒரு புரோகிராம் இன்னொண்ணுக்குக் குடுக்கிற துண்டுத் தகவல் அது. வாங்கினவன் அதைப் பிரிச்சுப் படிக்கத் தேவையில்ல, அவனுக்கு அதோட அர்த்தமும் புரியாது. திருப்பிக் குடுக்கும்போது குடுத்தவனுக்கு மட்டும் புரியும்.

ஹேக்கர்களோட பழைய அகராதியான ஜார்கன் ஃபைல் இந்தச் சொல்லை எப்படி விளக்குதுன்னு தெரியுமா? சலவைக் கடையில துணி போட்டா குடுக்கிற ரசீது மாதிரின்னு விளக்குது. அந்த ரசீதால வேற பிரயோஜனம் கிடையாது. அன்னைக்கு நீங்க போட்ட துணியை இன்னைக்கு வந்த உங்களோட சேத்து வைக்கிறது மட்டும்தான் அதோட வேலை.

அதாவது, குக்கின்னு பேர் வெச்சவங்களே அதை விளக்க டோக்கனைத்தான் தேடிப் போயிருக்காங்க. எங்க ஜெராக்ஸ் கடை அண்ணன் அகராதியைப் பாக்காமலே அங்க போய்ச் சேர்ந்துட்டார்.

என் டோக்கன் என்ன ஆச்சு?

இப்போ கடையில நடந்ததைத் திரும்பப் பாப்போம். நான் பாஸ்வேர்டு போட்டு உள்ள போனதும் சர்வர் பதிலோட இந்த மாதிரி ஒரு வரியை அனுப்பியிருக்கும்:

```
Set-Cookie: sid=7f3a91; Max-Age=2592000; Secure; HttpOnly
```

`sid=7f3a91` தான் டோக்கன் நம்பர். நிஜத்துல இது இன்னும் ரொம்ப நீளமா, யாராலும் ஊகிக்க முடியாதபடி இருக்கும். இதுக்கு அப்புறம் நான் திறந்த ஒவ்வொரு பக்கத்துக்கும் பிரவுசர் தானாவே இதைச் சேத்து அனுப்பும்:

```
Cookie: sid=7f3a91
```

பாருங்க, இதுல என் பேர் இல்ல, பாஸ்வேர்டும் இல்ல. '7f3a91-னா இந்தப் பையன்' என்கிற பதிவு சர்வர்கிட்ட இருக்கு. ஸ்டாண்டுக்காரர் நோட்டுல எழுதி வெச்சிருக்கிற மாதிரி.

இப்போ டோக்கன்னு நினைச்சுக்கிட்டே யோசிங்க, எல்லாம் தானா விளங்கும்.

டேபை மூடினேன். அதாவது ஸ்டாண்டை விட்டு வெளிய வந்தேன். ஆனா டோக்கனை அங்க இருந்த மேஜை மேலயே விட்டுட்டு வந்துட்டேன். அது அந்தக் கம்ப்யூட்டர்லதான் இருக்கு.

பிரவுசரையே மூடியிருந்தா? இங்கயும் தப்பிச்சிருக்க மாட்டேன். காலாவதி நேரம் எதுவும் குறிக்காத குக்கி, பிரவுசரை மூடினா அழிஞ்சிடணும். என்னுதுல இருந்தது 2592000 வினாடி, அதாவது 30 நாள். 'என்னை ஞாபகம் வெச்சுக்கோ' என்கிற கட்டத்துல டிக் ஏற்கெனவே இருந்திருக்கு, நான் கவனிக்கல. 30 நாளைக்குச் செல்லுபடியாகிற டோக்கன், ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் உக்கார்ற மேஜையில.

பாஸ்வேர்டை மாத்தினேன். வீட்டுப் பூட்டை மாத்தின மாதிரி. ஸ்டாண்டுக்காரருக்கு என் வீட்டுப் பூட்டைப் பத்தி என்ன கவலை? டோக்கனைக் காட்டினா வண்டியைக் குடுத்துடுவார். நல்லாச் செஞ்ச தளங்கள் பாஸ்வேர்டு மாறினதும் பழைய டோக்கன் எல்லாத்தையும் ரத்து பண்ணும். நான் போனது அந்த ரகம் இல்ல.

கடைசியா அண்ணன் லாக் அவுட் குடுத்தார். அப்போதான் சர்வர் தன் நோட்டுல இருந்து 7f3a91-ஐ அடிச்சது. அதுக்கு அப்புறம் அந்த நம்பரை யார் காட்டினாலும் செல்லாது. எல்லாச் சாதனங்கள்ல இருந்தும் வெளியேறு என்கிற பட்டன் சில தளங்கள்ல இருக்கும். அதை அழுத்தினா உங்க பேருல இருக்கிற டோக்கன் மொத்தமும் ரத்து. போனை விட்டு நகராமலே நான் அதைச் செஞ்சிருக்கலாம், அந்தத் தளத்துல அது இருந்திருந்தா.

சும்மா பிரவுசர்ல குக்கியை அழிக்கிறது மட்டும் போதுமான்னா, உங்க கையில இருந்த டோக்கனைக் கிழிச்சுப் போட்ட மாதிரிதான். யாராவது முன்னாடியே அந்த நம்பரைக் குறிச்சு வெச்சிருந்தா சர்வர் இன்னும் அதை ஏத்துக்கும். `HttpOnly`, `Secure` எல்லாம் அதுக்குத்தான். முதல்து, பக்கத்துல ஓடுற ஜாவாஸ்கிரிப்ட் அந்த நம்பரைப் படிக்க விடாது. ரெண்டாவது, மறையாக்கம் இல்லாத இணைப்புல அதை அனுப்ப விடாது. டோக்கனைப் பொத்திப் பிடிச்சுக்கிற மாதிரி.

`Accept all` அழுத்துறப்போ என்ன ஏத்துக்கிறோம்?

ஒரு தளம் தன் கடைக்குத் தானே டோக்கன் குடுக்கிறது நியாயம். ஆனா ஒரு பக்கத்துக்குள்ள வேற நிறுவனத்தோட விளம்பரப் பெட்டி இருந்தா, அந்த நிறுவனமும் ஒரு டோக்கன் குடுக்கலாம். அதே பெட்டி செருப்புக் கடைத் தளத்துல இருக்கு, செய்தித் தளத்துல இருக்கு, நோட்ஸ் டவுன்லோடு பண்ற தளத்துல இருக்குன்னு வெச்சுக்கோங்க. எங்க போனாலும் பிரவுசர் அதே டோக்கனை அந்த ஒரே நிறுவனத்துக்குக் காட்டும். இந்த டோக்கன்காரன் காலையில செருப்பு பாத்தான், மத்தியானம் கேட் கோச்சிங் பாத்தான்னு அவங்க நோட்டு நிரம்பும். சில பிரவுசர்கள் இப்போ இதைத் தானாவே தடுக்குது, சிலதுல நீங்கதான் செட்டிங்ஸ்ல தடுக்கணும்.

'இந்தத் தளம் குக்கிகளைப் பயன்படுத்துகிறது, ஏற்கிறீர்களா?'ன்னு கேட்டா யாரும் யோசிக்கிறதில்ல. பிஸ்கட்தானே. 'நீங்க போற கடையில எல்லாம் எங்க ஆள் ஒருத்தர் நின்னு உங்க டோக்கன் நம்பரைக் குறிச்சுக்கலாமா?'ன்னு கேட்டா? எங்க அம்மா கூட "எதுக்கு?"ன்னு திருப்பிக் கேப்பாங்க. அந்த ஒரு 'எதுக்கு'தான் என் கணக்கு. சொல் மாறினா கேள்வி வருது.

'நினைவி' இருக்கே, அது போதாதா?

தமிழாக்கம் செஞ்சவங்க குக்கிக்கு 'நினைவி'ன்னு வெச்சிருக்காங்க. பிஸ்கட்டை அப்படியே தூக்கிப் போடாம, வேலையைப் பாத்துப் பேர் வெச்சதுக்கு மரியாதை குடுக்கணும். ஆனா எனக்கு ஒரு சின்ன மனக்குறை. நினைவு அந்தச் சீட்டுல பெரும்பாலும் இல்ல, சர்வர் நோட்டுல இருக்கு. எந்த மொழி வேணும், டார்க் மோடா இல்லையா மாதிரி சில விருப்பங்களை நேரா குக்கியிலயே எழுதி வைக்கிறது உண்டு, அதுக்கு 'நினைவி' பொருந்தும். ஆனா நம்மள மாட்டிவிடுறது அந்த வகை இல்ல, நம்பர் மட்டும் உள்ள வகை.

'டோக்கன்' ஆங்கிலச் சொல்தானேன்னு கேப்பீங்க. ஆமா. ஆனா கோயில் வாசல்ல செருப்பு விடுறப்போ, ரேஷன் கடை வரிசையில, டாக்டர் கிளினிக்ல, நம்ம ஊர்ல டோக்கன் வாங்காத ஆள் உண்டா? தொலைச்சா என்ன ஆகும், அடுத்தவன் எடுத்தா என்ன ஆகும்னு எல்லாருக்கும் பட்டுத் தெரியும். இன்னொரு ஆட்சேபம் எங்க கிளாஸ்லயே வந்தது: கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே 'டோக்கன்'னு வேற விஷயங்கள் இருக்கே, குழம்பாதான்னு. கம்பைலர் பேப்பர்ல வர்ற டோக்கன் வேற, ஒத்துக்கிறேன். ஆனா லாக் இன் சம்பந்தமா வர்ற ஆக்சஸ் டோக்கன் இதே குடும்பம்தான். காட்டினவனுக்குக் கதவு திறக்கும்.

அதனால நான் கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. எக்ஸாம்ல குக்கின்னே எழுதுங்க, கோடுல `Set-Cookie` தான் வேலை செய்யும். வீட்டுல, கடையில, ஜூனியர்கிட்ட விளக்கும்போது மட்டும் டோக்கன்னு சொல்லுங்க. நான் எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். இந்தச் சொற்களை எல்லாம் ஸ்பெல்லிங்கா மனப்பாடம் பண்ணேன், படமாப் பாத்ததில்ல. படமாப் பாத்திருந்தா அன்னைக்கு டோக்கனை மேஜையில விட்டுட்டு பஸ் பிடிச்சிருக்க மாட்டேன்.

ஒரு சின்ன வேலை பண்ணிப் பாருங்க. லேப்டாப்ல நீங்க லாக் இன் பண்ணியிருக்கிற ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, `F12` அழுத்தி, குரோம்ல `Application`, ஃபயர்ஃபாக்ஸ்ல `Storage` போங்க. `Cookies` கீழ ஒரு பட்டியல் வரும். `PHPSESSID`, `JSESSIONID` மாதிரி பேர் இருந்தா அதுதான் உங்க ஸ்டாண்டு டோக்கன். பக்கத்துல எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னோ, வெறும் `Session`னோ போட்டிருக்கும். அந்த நம்பரை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டுடாதீங்க. ஏன்னு இப்போ நான் சொல்லத் தேவையில்ல.